முதுகில் ஒட்டிய மாத்திரை

ரபீக்கின் பனியனில் மீன் வாடை அடித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வீட்டில் மூன்று நாளாக மீனே எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை துணி அலசக் கூடையைக் கவிழ்த்த அக்கா ரிஃபானா பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னடா இது, கடக்கரையில உருண்டுட்டு வந்தியா?" என்றாள்.

முதுகு வலியோடு ஐந்து மாதமாகக் குனிய முடியாமல் குளிக்கிறவனுக்கு நடுமுதுகு எட்டாத ஊர். நின்றபடி நாலு சொம்பு ஊற்றிக்கொள்வதோடு சரி. ரிஃபானாவே அவனைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தாள். நடு முதுகெலும்பின் மேல் ஒரு பிளாஸ்திரி. பிய்த்து எடுத்தபோது அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை நசுங்கி, எண்ணெய் கசிந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"இத யாரு வச்சது?"

ரபீக்குக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியது என்று அவன் நினைத்துக்கொண்டான். இருபத்து நான்கு வயதில் ஒருவனுக்கு எது விளங்கினாலும் முழுசாகவே விளங்கிவிடும். புதன்கிழமை புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்களே, அங்கே அந்த டெக்னீஷியன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தானே, "எந்த எடத்துல வலி, வெரல வச்சுக் காட்டுங்க" என்று கேட்டு ஏதோ ஒட்டினானே, அதுதான் இது. இதை ஒட்டித்தான் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை வரவைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியைக் காட்டித்தான் டிபி, சீழ்க்கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது மச்சான்தான். அதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

மச்சான் என்றால் ரிஃபானாவின் புருஷன் முகம்மது கனி. பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு அறந்தாங்கிக்கு வந்து செல்போன் கடை போட்டிருப்பவர். அதிகம் பேச மாட்டார். பேசாத ஆள் மேல் சந்தேகப்படுவது ரொம்ப சுலபம், ஏனென்றால் அவர் மறுத்தும் பேச மாட்டார். ரபீக்குக்கு ஏசி மெக்கானிக் வேலைக்கு விசா வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், தன் பழைய கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு. அடுத்த வியாழக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். அதை விட்டால் மாதக் கடைசியோடு விசா காலாவதி. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை அது.

கனிக்கு சாதிக் என்று ஒரு தம்பி. அவனும் ஏசி மெக்கானிக். அண்ணன் தனக்குத் தேடாமல் பொண்டாட்டி வீட்டுக்குத் தேடிவிட்டார் என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது அறந்தாங்கி பஜாருக்கே தெரியும். அந்த சாதிக்கைப் போன திங்கட்கிழமை போட்டோ ஸ்டுடியோவில் ரபீக் தன் கண்ணால் பார்த்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எடுக்கிற போட்டோ.

அதற்கு முந்தின வாரம்தான் கனி தானாக வந்து, "மாப்ள, ஒன் முதுக ஒரு டாக்டர்ட்ட காட்டிருவம்" என்று எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். ஐந்து மாதமாக வலிக்கும்போது வராத அக்கறை. ஏசியின் வெளிப்பெட்டியைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள், எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், பெல்ட் வாங்கிக் கட்டினார்கள். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று காயும், வெயில் காலம். ராத்திரி வேர்த்து ஊற்றும், கரண்டு இல்லை. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, நோன்பில் இளைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. டாக்டர் அறைக்குள் கனிதான் முதலில் போனார், தனியாக, ஐந்து நிமிஷம். பிறகுதான் ரபீக்கைக் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன பேசினார் என்று இதுவரை சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது, கனியின் போனுக்கு. அவர் படித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே, "முதுகெலும்புல டிபியாம். பயணத்த நிறுத்தணும்" என்றார்.

ரபீக்குக்கு ரத்தம் தலைக்கேறியது. "டிபின்னா இருமணும் மச்சான். நான் எங்க இருமுறேன்? போன மாசம் திருச்சியில மெடிக்கல் எடுத்தாங்கள்ல, ஃபிட்டுன்னு சீல் குத்திக் குடுத்தாங்கள்ல?"

இதைத்தான் அந்த ஊரில் யாரும் தாண்டி யோசிக்க மாட்டார்கள். வெளிநாடு போகிற வீடுகளில் அந்த மெடிக்கல் காகிதத்துக்கு மேல் ஒரு தீர்ப்பு கிடையாது. நெஞ்சுப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, ஃபிட் என்று சீல் விழுந்துவிட்டால் அந்த உடம்பு சுத்தம். ரபீக்கின் அம்மா ரம்லத் பீவி அந்தக் காகிதத்தை பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து மருமகன் முன்னால் நீட்டவும் செய்தாள். கனி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், ஊசி போட்டு எடுத்துப் பாக்கணுமாம்" என்றவர் ஸ்கேன் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கையில் மாத்திரை கிடைத்துவிட்டது. ரபீக் அதைப் பிளாஸ்திரியோடு ஒரு பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரருக்குக்கூட அவ்வளவு திருப்தி இருந்திருக்காது.

"அக்கா, மச்சான் பீரோவுல அந்தப் படம் இருக்குல்ல. எனக்கு எடுத்துக் குடு. அவருக்குத் தெரிய வேணாம்."

"எதுக்குடா?"

"எம் படம் எனக்கு வேணும்."

ரிஃபானா தம்பியையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கிறவள் பாடு பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அவள் வேறு என்ன செய்தாள் என்பது பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மச்சான் வருவதற்குள் ரபீக் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். படிக்கட்டில் இடது காலைத் தூக்கும்போது கால் கனத்தது. கைப்பிடியை இழுத்துப் பிடித்து ஏறினான். கால் கனப்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எலும்பு டாக்டர் நேருக்கு நேராக, "கால்ல மரத்துப்போறது, தடுக்கி விழுறது ஏதும் இருக்கா?" என்று கேட்டபோதுகூட, "அதெல்லாம் ஒன்னும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். காலைச் சொன்னால் குவைத் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

செருப்பு விஷயமும் அப்படித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால், இடது காலில் செருப்பு இல்லை. அம்மா கேட்டதற்கு, "பள்ளிவாசல்ல எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்" என்றான். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்று ரம்லத் பீவிக்குத் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான். சாதிக்கின் வேலையாக இருக்குமோ என்றுகூட ஒரு நாள் யோசித்தான். அன்று சாயங்காலம் உள்ளங்காலில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. புது ஷூ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஸ்கேன் சென்டரில் திங்கட்கிழமைக் கூட்டம். ரபீக் வரிசையை மதிக்காமல் நேரே உள்ளே போய், புதன்கிழமை பார்த்த டெக்னீஷியனைப் பிடித்தான். பிரசாந்த் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது.

"என்னயத் தெரியுதா?"

பிரசாந்த் ஒரு நொடி யோசித்தான். "அறந்தாங்கி பேஷன்ட்டு. டி-எல் ஸ்பைன், நடுமுதுகு. சொல்லுங்க."

ரபீக் கவரை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். "இது என்ன? இத ஒட்டச் சொல்லி ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பிரசாந்த்தின் முகம் மாறியது. "அய்யய்யோ" என்றான் மெதுவாக. "எடுக்க மறந்துட்டேன்."

அந்த ஒரு வார்த்தை ரபீக்குக்குப் போதும். மாட்டிக்கொண்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவன் நினைத்திருந்தானோ அப்படியே இருந்தது அந்த முகம். குரலை உயர்த்தினான். காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டாக்டர் புவனேஸ்வரி வெளியே வந்தார். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கவரைக் கையில் வாங்கினார், முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்தார், பிரசாந்த்தை ஒரு முறை முறைத்தார்.

"மீன் எண்ணெய் மாத்திரை. நீங்க உள்ள வாங்க தம்பி. வெளிய நின்னு கத்துனா படம் தெரியாது."

அறைக்குள் இரண்டு பெரிய திரைகள். நாற்காலியைக் காட்டினார். ரபீக் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர்கள் பக்கம் போய்விட்டது மாதிரி ஆகிவிடும் என்று நின்றான்.

"என்ன சந்தேகம் ஒங்களுக்கு? தெளிவாச் சொல்லுங்க."

"இந்த மாத்திரைய ஒட்டித்தான் படத்துல புள்ளி வர வச்சிருக்கீங்க. இல்லாட்டி வேற ஆளோட படத்த என் பேர்ல குடுத்திருக்கீங்க. ரெண்டுல ஒன்னு."

"ரெண்டும் பாத்துருவோம்" என்றார் டாக்டர், கோபமே இல்லாமல். அந்த நிதானமும் ரபீக்குக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ரபீக் கொண்டுவந்திருந்த படத்தின் எண்ணைப் பார்த்துத் தட்டியதும் திரையில் அதே படம் வந்தது. ஆளைப் பக்கவாட்டில் நடுவே பிளந்து பார்த்தது போன்ற படம். மேலிருந்து கீழாகச் சதுரம் சதுரமாக எலும்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு பட்டை.

"இது முதுகெலும்பு. நடுவுல இருக்குற பட்டை டிஸ்க்கு, வட்டுன்னு சொல்லுவோம். இந்தப் படத்துல தண்ணி இருக்குற எடமெல்லாம் வெள்ளையாத் தெரியும். வட்டுல தண்ணி இருக்கு, அதனால பாருங்க, மேல இருக்குறதெல்லாம் நடுவுல வெளுப்பா, ஓரத்துல கோடு போட்ட மாதிரி அழகா இருக்கு. எலும்புக்கும் வட்டுக்கும் நடுவுல கருப்பா ஒரு வரப்பு தெரியுதா? அது எலும்போட மூடி. இப்ப கீழ வாரேன்."

டாக்டரின் அம்புக்குறி இறங்கியது. நெஞ்சுப் பகுதி முடிகிற இடத்தில், பதினொன்றாவது, பன்னிரண்டாவது எலும்புகளில் வந்து நின்றது. அங்கே வரப்பே இல்லை. இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை நசுங்கி, கந்தலாகி, எது எலும்பு எது வட்டு என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. ஒன்றையொன்று பார்த்த பக்கமெல்லாம் கரையான் அரித்த கதவு மாதிரி இருந்தது. முன்பக்கம் இடிந்து இறங்கியதில், அந்த இடத்தில் மட்டும் முதுகு பின்னால் மடங்கியிருந்தது.

"அந்த மடிப்புதான் ஒங்க முதுகுல கைக்கு முட்டாத் தட்டுப்படுறது. நீங்க வெரல வச்சுக் காட்டுன எடம்."

"மாத்திர எங்க?" என்றான் ரபீக்.

டாக்டர் சிரித்துவிட்டார். அம்புக்குறியைப் பின்னால், முதுகின் வெளி விளிம்புக்குக் கொண்டுபோனார். தோலுக்கு வெளியே, உடம்போடு ஒட்டியும் ஒட்டாமலும், அவரை விதை மாதிரி ஒரு பளீர் வெள்ளை.

"இந்தா இருக்கு. எண்ணெய் இந்தப் படத்துல பளிச்சுன்னு தெரியும். வலிக்குற எடத்த பேஷன்ட்டு வெரலால காட்டுனா, அந்த எடத்துல இத ஒட்டிருவாரு. படத்துல எந்த எலும்புக்கு நேரா வலின்னு எனக்குத் தெரியணும்ல. எடுத்து முடிச்சதும் பிய்க்கணும். அன்னைக்கு ஒரு ஆக்சிடென்ட் கேஸ் வந்ததுல இவரு மறந்துட்டாரு. அதுக்கு இவர நான் தனியாக் கவனிச்சுக்கிறேன். இப்ப சொல்லுங்க, மாத்திர தோலுக்கு வெளிய. நோவு எங்க இருக்கு?"

நான்கு விரற்கடை தள்ளி, உள்ளே இருந்தது நோவு.

டாக்டர் படத்தை மாற்றினார். இப்போது ஆளைக் குறுக்கே வெட்டியது போல வட்டமாக ஒரு படம். நடுவில் எலும்பு, அதன் இரண்டு பக்கமும் பை பையாக ஏதோ தொங்கியது. "ஒங்களுக்கு மருந்து ஏத்தி எடுத்த படம் இது. பையோட ஓரம் மட்டும் மெல்லிசா, வழவழன்னு வளையம் மாதிரி மின்னுது. உள்ள கருப்பு. உள்ள ரத்த ஓட்டம் இல்ல, சீழு. எலும்புக்கு ரெண்டு பக்கமும் கட்டியிருக்கு, முன்னாடி தசைநாருக்கு அடியிலயே வழுக்கிக் கீழயும் எறங்கியிருக்கு. கேன்சர் மாதிரி நோவெல்லாம் பெரும்பாலும் எலும்பத் தின்னாலும் வட்ட விட்டு வச்சிரும். இங்க வட்டும் போயி, பக்கத்துப் பக்கத்து எலும்பு ரெண்டும் போயி, சீழும் இவ்வளவு கட்டியிருக்கு. அதனாலதான் டிபியா இருக்கும்னு எழுதுனேன். ஆனா படத்த வச்சே முடிச்சிர மாட்டோம். ஊசியால அந்தச் சீழ எடுத்து டெஸ்ட் பண்ணணும். டிபிதானா, எந்த மருந்துக்குக் கேக்கும்னு அதுல தெரிஞ்சிரும்."

"நான் இருமவே இல்ல மேடம். நெஞ்சுப் படம் ஃபிட்டு."

"நெஞ்சுல இல்லாம இருக்கலாம். கிருமி எப்பவோ மூச்சு வழியா உள்ள வந்திருக்கும், ரத்தத்துல போயி எலும்புல உக்காந்திருக்கும். நெஞ்சுப் படத்துல நெஞ்சப் பாத்தாங்க, சரியாத்தான் பாத்தாங்க. ஒங்க முதுக அன்னைக்கு யாரு பாத்தா?"

மெடிக்கல் காகிதம் அம்மாவின் பீரோவில் இருந்தபடியே வெறும் காகிதமாகிவிட்டது. ஆனாலும் ரபீக் விடவில்லை. கடைசிப் பிடி ஒன்று இருந்தது. "இது என் படம்தான்னு எப்புடி நம்புறது?"

டாக்டர் பிரசாந்த்தைப் பார்த்தார். பிரசாந்த் பயந்த குரலில் சொன்னான்: "அன்னைக்கு முதுகு ஸ்பைன் நாலு பேருக்கு எடுத்தேங்க. மத்த மூனு பேரும் முதுகு பூரா வலின்னாங்க. வெரல வச்சு ஒரு எடத்தக் காட்டுனது இவரு ஒருத்தருதான். இவரு ஒருத்தருக்குத்தான் மாத்திர ஒட்டுனேன்."

டாக்டர் பெயர்களை மறைத்துவிட்டு மற்ற மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார். மூன்றிலும் முதுகின் வெளி விளிம்பு வெறுமையாக இருந்தது. பிறகு மறுபடியும் ரபீக்கின் படம். அவரை விதை அங்கேயே இருந்தது, மடிந்த எலும்புக்கு நேர் பின்னால்.

தான் பாலித்தீன் கவரில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்த சாட்சி தனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. ரபீக் நாற்காலியில் உட்கார்ந்தான். இவ்வளவு நேரம் நின்றதில் இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அது தன் கால்தான் என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. சந்தேகப்பட ஆள் இருந்தவரை பயம் அவ்வளவு தெரியவில்லை.

"இன்னொன்னும் பாத்துருங்க" என்று டாக்டர் எழுந்து வந்து அம்புக்குறிக்குப் பதில் விரலையே திரையில் வைத்தார். எலும்புகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு இறங்கியது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தண்ணீர். "இது தண்டுவடம். காலுக்குப் போற நரம்பெல்லாம் இது வழியாத்தான் போகுது. மேல பாருங்க, சுத்தித் தண்ணி இருக்கு, சொகமா மெதக்குது. இங்க வந்ததும் தண்ணியே காணோம். சீழு உள்ள வந்து கயித்த அழுத்திக்கிட்டு இருக்கு. கால்ல என்ன பண்ணுது ஒங்களுக்கு?"

"ஒன்னும் பண்ணல" என்றான் ரபீக். வாய் பழகிவிட்டது.

டாக்டர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எலும்பு டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. "அப்ப இதுல என்ன எழுதியிருக்கு? இடது பாதத்தில் உணர்ச்சி குறைவு, செருப்பு கழல்வது தெரிவதில்லை. கூட வந்தவர் சொன்னதுன்னு எழுதியிருக்காரு."

ரபீக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைப் பள்ளிவாசலில் எவனோ எடுத்தான் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. மச்சானுக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஐந்து நிமிஷம் அவர் பேசியது இதுதானா?

டாக்டர் அவன் காலைத் தூக்கச் சொல்லி, மேசை டிராயரின் சாவியால் உள்ளங்காலின் ஓரத்தில் குதிகாலிலிருந்து மேலே ஒரு கீறு கீறினார். வலது காலின் கட்டைவிரல் கீழே மடங்கியது. இடது காலில் கட்டைவிரல் தானாக மேலே தூக்கிக்கொண்டது, யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி. ரபீக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தூக்கச் சொல்லவில்லை.

"பெரியவங்களுக்கு வெரல் கீழதான் மடங்கணும். மேல போனா தண்டுவடம் அழுந்துதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து அங்க சும்மாவே குடுப்பாங்க, ஒரு வருஷத்துக்குக் கொறையாமச் சாப்புடணும். இப்ப ஆரம்பிச்சா பெரும்பாலானவங்களுக்குக் கால் திரும்பிரும். கால் மோசமாகிட்டே போனா ஆபரேஷன் பண்ணி அழுத்தத்த எடுப்பாங்க."

"வியாழக்கெழம ஃபிளைட் இருக்கு மேடம்."

"ஏறிறலாம். யாரும் தடுக்க மாட்டாங்க, ஒங்ககிட்டதான் ஃபிட்டுன்னு காகிதம் இருக்கே. அங்க போயி ஏசிய ஒரு தடவ தூக்குவீங்க. திரும்பி எறங்கும்போது நடந்து எறங்க மாட்டீங்க." அவர் இதைச் சொன்னபோதும் குரல் உயரவில்லை. "டூவீலர்ல ஏறாதீங்க. குண்டுங்குழியில முதுகு குலுங்கக் கூடாது, முதுக வளைச்சுக் குனியவும் கூடாது. ஆட்டோவுல மெதுவாப் போங்க."

வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் முகம்மது கனி நின்றுகொண்டிருந்தார். அறந்தாங்கியிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ரிஃபானா சொல்லிவிட்டாள் போல. நடுவில் நிற்கிறவள் இரண்டு பக்கமும் பாலம் போட்டுத்தானே ஆக வேண்டும்.

அவர் எதையும் கேட்கவில்லை. ரபீக்குக்கு அதுதான் எரிச்சல்.

"சாதிக்குக்குப் போட்டோ எடுத்தாச்சுல்ல?" என்றான். இவ்வளவுக்குப் பிறகும் அதுதான் முதலில் வாயில் வந்தது.

"எடுத்தான். ஒன் ரிப்போர்ட்டு வரதுக்கு முன்னாடியே எடுத்தான். அடுத்த எடம் இருந்தாச் சொல்லுங்கன்னு எங்கிட்டக் கேட்டான். நான் இன்னும் ஒன்னும் சொல்லல. ஒன் விசாவுல ஒன் பேருதான் இருக்கு மாப்ள, அத யாருக்கும் மாத்த முடியாது. ஒனக்கு இல்லன்னா அது யாருக்கும் இல்ல."

இது உண்மையாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். தம்பியை நினைத்து இவருக்கு ஒரு நிமிஷமாவது ஆசை வந்திருக்காதா என்று ரபீக் அவர் முகத்தில் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"செருப்பு கழல்றது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

கனி ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். உள்ளே துடைக்கிற துணி, ஒரு தண்ணீர் பாட்டில், அதற்கடியில் ஒற்றைச் செருப்பு. இடது கால் செருப்பு. மூன்று வாரத்துத் தூசி.

"அன்னைக்கு ஜும்ஆ விட்டு ஒனக்குப் பின்னாடிதான் வந்தேன். பஸ் ஸ்டாண்டு ரோட்டுல, அந்தப் பேங்க் பக்கம், செருப்பு கழண்டு விழுந்துச்சு. திரும்பி எடுப்பன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு நடந்து போன. மாப்ளன்னு கூப்புட்டேன், லாரி சத்தத்துல கேக்கல. மதியம் ஒன்னர மணி வெயிலு, ரோட்டுல தாரு எளகிக் கெடக்கு. செருப்ப எடுக்கக் குனிஞ்ச எனக்கு வெரல் சுட்டுருச்சு. நீ வெறுங்கால அதுல வச்சு வச்சு வீடு வர போன. ஒரு தடவ கூடக் கீழ பாக்கல."

ரபீக்கின் உள்ளங்காலில் அந்தக் கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிந்திருந்தன. புது ஷூ கடித்தது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். பள்ளிவாசலில் செருப்பு எடுத்தவனை, சாதிக்கை, டெக்னீஷியனை, இந்த மனுஷனை என்று ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டிருக்கிறான். தன் காலை மட்டும் அவன் சந்தேகப்படவே இல்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"சொல்லலாம்னுதான் மறுநா வந்தேன். பள்ளியில எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு அத்தகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்த." கனி செருப்பைத் துணியால் துடைத்தார். "நீ மறைக்கிறன்னு தெரிஞ்சுருச்சு. எனக்கு வேற ஒன்னும் தோனல, டாக்டர்ட்டயே சொல்லிட்டேன். தப்புன்னா தப்புதான்."

ரபீக்குக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் அழுவது கேவலம் என்று தெரிந்தும் வந்தது. குவைத் போய்விட்டது. அதற்காகவும் அழுதான், இந்தச் செருப்புக்காகவும் அழுதான். கனி அந்தப் பக்கம் திரும்பி நின்று, போகிற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஸ்கூட்டரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று ரபீக் போட்டிருந்தது அம்மா வாங்கித் தந்த புதுச் செருப்பு, வார் இன்னும் விறைப்பாக இருந்தது. பழைய செருப்பைக் கனி ஒரு பையில் போட்டு ஆட்டோவுக்குள் வைத்தார். ரபீக் வலது காலை உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலை இழுத்து ஏற்றினான். உட்கார்ந்தான். கனி பக்கத்தில் ஏறிக்கொண்டதும் ஆட்டோ உறுமியது.

முதுகை வளைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனியாமல் அவனுக்குப் பாதம் தெரியவில்லை. பாதமும் ஒன்றும் சொல்லவில்லை.

"மச்சான்" என்றான். "எடது கால்ல செருப்பு இருக்கா? பாத்துச் சொல்லுங்க."